வரதராஜப் பெருமாளுக்கு ‘ப்’ உண்டு, உலகளந்த பெருமாளுக்கு ஏன் இல்லை? காஞ்சிபுரத்துத் தெருக்களில் ஒற்றுப் பாடம்

காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயில்களுக்குப் பஞ்சமே இல்லை. புடவை எடுக்கப் போகிறவர்கள்கூட நாலு கோயிலைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். அடுத்த முறை போகும்போது கோயில்களின் பெயர்களைக் கொஞ்சம் நிதானமாக வாசித்துப் பாருங்கள். வரதராஜப் பெருமாள், வைகுண்டப் பெருமாள், பவளவண்ணப் பெருமாள், பாண்டவதூதப் பெருமாள். எல்லாவற்றிலும் நடுவில் ஒரு ‘ப்’ இருக்கிறது. காமாட்சி அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறாரே, அவர் பெயர் மட்டும் உலகளந்த பெருமாள். அங்கே ‘ப்’ கிடையாது. திருவெஃகாவில் இருப்பவர் சொன்னவண்ணம் செய்த பெருமாள். அங்கேயும் கிடையாது.

பெருமாள் ஒருவர்தான், ‘பெ’ என்ற எழுத்தும் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? இதற்கு விடை தெரிந்துவிட்டால், பள்ளிக்கூடத்தில் ‘வல்லினம் மிகும் இடங்கள், மிகா இடங்கள்’ என்று இரண்டு பக்கத்துக்கு மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த அன்றே மறந்துபோன பாடத்தில் பாதி தானாகவே நினைவுக்கு வந்துவிடும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். வல்லின எழுத்துகள் ஆறு. ஆனால் தமிழில் ‘ட’வும் ‘ற’வும் சொல்லுக்கு முதலில் வராது. எனவே நாம் கவலைப்பட வேண்டியது க, ச, த, ப என்ற நான்கு வரிசைகளுக்கு மட்டும்தான். அடுத்த சொல் இந்த நான்கில் ஒன்றில் தொடங்கினால் மட்டுமே ‘ஒற்றுப் போடலாமா, வேண்டாமா’ என்ற கேள்வியே எழும். ‘பட்டு மாமி’க்கோ ‘பட்டு நூலு’க்கோ இந்தத் தொல்லையே இல்லை.

இப்போது பெருமாள்களிடம் வருவோம். வரதராஜன் என்பது பெயர். அதிலிருந்த ‘ன்’ விழுந்துவிட்டது, அந்த இடத்தில் ‘ப்’ வந்து உட்கார்ந்துகொண்டது. வைகுண்டம் என்பதும் பெயர். அங்கே விழுந்தது ‘ம்’. ஒரு பெயர் இன்னொரு பெயரோடு ஒட்டும்போது, நடுவில் ஏதோ ஒன்று மறைந்து நிற்கிறது என்பதைச் சொல்லும் தையல் மாதிரி இந்த ஒற்று. முருகன் இருக்கும் குமரக்கோட்டமும் இப்படித்தான். குமரனும் கோட்டமும் சேர்ந்து, ‘ன்’ போய், ‘க்’ வந்தது.

உலகளந்த என்பது பெயர் இல்லை. அளந்த என்ற வினை, முடியாமல் பாதியில் நின்று ஒரு பெயருக்காகக் காத்திருக்கிறது. இலக்கணத்தில் இதற்குப் பெயரெச்சம் என்று பெயர். செய்த பெருமாள் என்பதும் இதே கதைதான். பெயரெச்சத்துக்குப் பின்னால் வல்லினம் மிகாது. படித்த பையன், வந்த பெண், நெய்த புடவை, வாங்கிய கடை. ‘நெய்தப் புடவை’ என்றோ ‘வாங்கியக் கடை’ என்றோ எழுதினால் அது பிழை. இந்தக் காலத்தில் ஒற்றை விட்டுவிடுகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இப்படி இல்லாத இடத்தில் போட்டுவிடுகிறவர்கள் இன்னொரு பக்கம்.

இரண்டும் ஒரே பெயரில் வேண்டுமென்றால் திருவேளுக்கைக்குப் போங்கள். அங்கே இருப்பவர் அழகிய சிங்கப் பெருமாள். அழகிய என்பது எச்சம், எனவே ‘ச்’ இல்லை. சிங்கம் என்பது பெயர், எனவே ‘ப்’ உண்டு. இரண்டு விதிகளையும் ஒரே பெயர்ப் பலகையில் எழுதிக் காட்டிவிடலாம்.

இந்த இடத்தில் பலரும் வழுக்கி விழுவது ‘அந்த’ என்ற சொல்லால்தான். அளந்த, அந்த. இரண்டும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தானே கேட்கின்றன? ஆனால் ‘அந்த’ வினை இல்லை. சுட்டிக் காட்டும் சொல். அந்த, இந்த, எந்த மூன்றுக்கும் பின்னால் வல்லினம் கட்டாயம் மிகும். அந்தப் பெருமாள், இந்தக் கடை, எந்தத் தெரு. அதே சமயம் அது, இது, எது என்று சொன்னால் மிகாது. ‘இது பட்டு’ என்றால் அடையாளம் சொல்கிறீர்கள். ‘இந்தப் பட்டு’ என்றால் பல பட்டுகளில் ஒன்றைச் சுட்டுகிறீர்கள்.

பட்டு என்ற சொல்லே ஒரு விதி

சரி, கோயிலிலிருந்து கடைத்தெருவுக்கு வருவோம். பட்டு என்ற சொல்லின் கடைசி எழுத்து ‘டு’. அதற்கு முன்னால் இருப்பது ‘ட்’, அதாவது புள்ளி வைத்த வல்லினம். இப்படி வல்லின மெய்யைத் தொடர்ந்து கு, சு, டு, து, பு, று ஆகியவற்றில் ஒன்று கடைசியாக வந்தால் அது வன்றொடர்க் குற்றியலுகரம். பெயர் பயமுறுத்தினாலும் ஆள் ரொம்ப நல்லவர். ஏனென்றால் இவர் விதிவிலக்கே கேட்பதில்லை. எங்கே போனாலும் ஒற்றைக் கூட்டிக்கொண்டுதான் போவார். பட்டுச் சேலை, பட்டுப் பாவாடை, பட்டுக் கூடு, பட்டுத் தாவணி. முத்துச் சரம், உப்புக் கடலை, பாட்டுப் போட்டி, காற்றுப் பை எல்லாம் இதே குடும்பம். எண்களில் எட்டும் பத்தும் மட்டும் இந்தக் குடும்பத்தில் பிறந்தவை. அதனால்தான் பத்துப் புடவை, எட்டுத் தறி என்று ஒற்றோடு எழுதுகிறோம். ஆறு கெஜம், ஒன்பது கெஜம் என்று ஒற்றில்லாமல் எழுதுகிறோம்.

இதில் ஒரு சின்ன விலகல் உண்டு. பட்டு எழுவாயாக நிற்கும்போது, அதாவது ‘பட்டு பளபளக்கிறது’ என்று எழுதும்போது, இன்று பெரும்பாலும் யாரும் ஒற்றுப் போடுவதில்லை. பழைய இலக்கணப்படி ‘கொக்குப் பறந்தது’ என்றுதான் எழுத வேண்டும். இன்றைக்கு ‘கொக்கு பறந்தது’ என்று எழுதுகிறவரைக் குறை சொல்லத் தேவையில்லை என்பது என் கட்சி.

ஜரிகை, கோர்வை, புடவை, சேலை ஆகிய சொற்கள் வேறு மாதிரி. இவை ‘ஐ’யில் முடிகின்றன. இவற்றுக்குப் பின் மிகுமா என்பது அடுத்த சொல்லோடு என்ன உறவு என்பதைப் பொறுத்தது. ‘ஜரிகைப் புடவை’ என்றால் ஜரிகையை உடைய புடவை. ‘உடைய’ என்ற விளக்கமும் ‘ஐ’ என்ற உருபும் உள்ளே மறைந்து நிற்கின்றன, எனவே மிகும். கரையையும் உடலையும் தனித்தனி நிறத்தில் நெய்து இணைக்கும் கோர்வை வேலை செய்த புடவை, கோர்வைப் புடவை. புடவை விற்கும் கடை, புடவைக் கடை.

ஆனால் ‘ஜரிகை போட்ட புடவை’ என்று எழுதிப் பாருங்கள். இங்கே ‘ப்’ வரவே கூடாது. ஜரிகையைப் போட்ட என்பதில் இருக்கும் ‘ஐ’ மட்டும் மறைந்திருக்கிறது. அடுத்து வருவது ஒரு வினை. இப்படி ‘ஐ’ மட்டும் ஒளிந்துகொண்டு வினை நேராக வந்தால் மிகாது. ‘ஐ’ வெளியே வந்துவிட்டால் உடனே மிகும். எனவே, புடவை கட்டினாள், ஆனால் புடவையைக் கட்டினாள். தறி போட்டார், ஆனால் தறியைப் போட்டார். ‘தமிழ் பேசினான்’ என்பதில் ஒற்று இல்லாததும் ‘தமிழ்ப் பேச்சு’ என்பதில் இருப்பதும் இதனால்தான். ‘தமிழ்ப் பேசினான்’ என்று எழுதுவது ரொம்பப் பரவலான பிழை. (பட்டு மட்டும் இங்கேயும் தன் குணத்தை விடாது: புடவை கட்டினாள், பட்டுக் கட்டினாள்.)

‘ஐ’யைப் போலவே ‘கு’ என்ற உருபும் வெளியே தெரிந்தால் ஒற்றைக் கேட்கும். காஞ்சிக்குப் போனேன், கல்யாணத்துக்குத் தேவை, குறைந்த விலைக்குக் கிடைத்தது. மற்ற உருபுகள் இப்படி அடம்பிடிப்பதில்லை. அம்மாவின் புடவை, என்னோடு பேசு, எனது தறி, தறியிலிருந்து பிரித்தார்.

பொருளே மாறிப்போகும் இடம்

‘ஒரு புள்ளி வெச்ச எழுத்து இல்லாட்டி என்ன, புரியுதில்ல?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பல இடங்களில் புரியும்தான். புரியாமல் போகிற இடங்களும் இருக்கின்றன.

காஞ்சிபுரத்துக்கு இன்னொரு பெருமை அங்கத்திய இட்லி. மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைத்து எடுப்பார்கள். இப்போது மளிகைச் சீட்டில் ‘இட்லிப் பொடி’ என்று எழுதினால், இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் பொடி. ஓட்டலில் ‘இட்லி பொடி’ என்று ஆர்டர் எழுதினால், இட்லியும் பொடியும். நடுவில் ‘உம்’ மறைந்திருந்தால் வல்லினம் மிகாது என்பது விதி. தாய் தந்தை, செடி கொடி, இரவு பகல். அரசு தைப் பொங்கலுக்குக் கொடுப்பது வேட்டி சேலை, அதாவது வேட்டியும் சேலையும். அதை ‘வேட்டிச் சேலை’ என்று எழுதினால், வேட்டியைக் கிழித்துத் தைத்த சேலை என்றோ, வேட்டி போன்ற சேலை என்றோ பொருள் வந்துவிடும். வாங்கப் போகிறவருக்கு வருத்தமாக இருக்காதா?

இன்னொரு ஜோடி, கடைக்காரர்களுக்கு ரொம்ப வேண்டியது. ‘சாயம் போகாத புடவை’ என்றால் ஒற்று இல்லை. அதையே சுருக்கி ‘சாயம் போகா’ என்று நிறுத்தினால், விழுந்துபோன ‘த’வுக்கு ஈடு கேட்கிற மாதிரி, ஒற்று வந்துவிடும்: சாயம் போகாப் புடவை. வாடாத பூ, வாடாப் பூ. அழியாத புகழ், அழியாப் புகழ். ‘போகாதப் புடவை’ என்று எழுதினால் இரண்டுக்கும் கூலி கொடுத்த கணக்கு.

வந்து பார், எடுத்துப் பார்

விளம்பரத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும் அதிகம் தடுமாறும் இடம் வினைக்குப் பின்னால் வினை வருவது. வந்து பாருங்கள் என்பதில் ஒற்று இல்லை. எடுத்துப் பாருங்கள் என்பதில் உண்டு. இதற்கும் பட்டு விதியே போதும். கடைசி ‘து’வுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எடுத்து, பார்த்து, கேட்டு, விற்று ஆகியவற்றில் புள்ளி வைத்த வல்லினம் இருக்கிறது, எனவே மிகும். வந்து, நின்று, கண்டு ஆகியவற்றில் மெல்லினம். செய்து, நெய்து ஆகியவற்றில் ‘ய்’. இவற்றில் மிகாது. நெசவாளர் புடவையை ‘நெய்து கொடுத்தார்’. ‘நெய்துக் கொடுத்தார்’ இல்லை. ‘இ’யில் முடிந்தால் யோசிக்கவே வேண்டாம், மிகும்: கட்டிப் பார், வாங்கிக் கொடு, ஓடிப் போ.

இனி எல்லாவற்றையும் ஒரு நோட்டீஸில் போட்டுப் பார்ப்போம். இது எந்தக் கடையின் நோட்டீஸும் இல்லை. தெருவில் கைக்குக் கிடைப்பவற்றின் சாயலில் நானே எழுதியது:

‘காஞ்சி பட்டு சேலை கடை. இந்த தீபாவளிக்கு புதிய கோர்வை புடவைகள் வந்துள்ளன. சாயம் போகாத பட்டு, ஜரிகைப் போட்ட பாவாடை, வேட்டிச் சேலை எல்லாம் கிடைக்கும். நேரில் வந்துப் பாருங்கள், கட்டி பாருங்கள், எடுத்து செல்லுங்கள்.’

மேலே போவதற்கு முன் ஒரு பென்சிலை எடுத்து நீங்களே திருத்திப் பாருங்கள். மொத்தம் 11 பிழைகள்.

தலைப்பிலேயே மூன்று. காஞ்சியில் நெய்த பட்டு என்பதால் காஞ்சிப் பட்டு. பட்டு வன்றொடர் என்பதால் பட்டுச் சேலை. சேலையை விற்கும் கடை என்பதால் சேலைக் கடை. ஆக, காஞ்சிப் பட்டுச் சேலைக் கடை. அடுத்த வரியில் ‘இந்தத் தீபாவளிக்குப் புதிய கோர்வைப் புடவைகள்’ என்று மூன்று. சுட்டு ஒன்று, ‘கு’ உருபு ஒன்று, பெயரோடு பெயர் ஒன்று. ‘புதிய’ என்பது அழகிய சிங்கப் பெருமாளின் ‘அழகிய’ மாதிரி, அதனால் அதைத் தொட வேண்டாம். ‘போகாத பட்டு’ சரியாகவே இருக்கிறது. ‘ஜரிகைப் போட்ட’, ‘வேட்டிச் சேலை’, ‘வந்துப் பாருங்கள்’ மூன்றிலும் ஒற்றை எடுத்துவிட வேண்டும். கட்டிப் பாருங்கள், எடுத்துச் செல்லுங்கள் இரண்டிலும் சேர்க்க வேண்டும். எட்டு இடத்தில் குறை, மூன்று இடத்தில் மிகை.

சொல்லிப் பார்த்தால் காதே காட்டிக்கொடுக்கும் என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். ‘இந்தப் பொடவ’ என்று பேச்சில்கூட அழுத்தித்தான் சொல்கிறோம். ‘வந்துப் பாரு’ என்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் காது சில இடங்களில் கைவிடும். ஊருக்குள்ளேயே பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம் என்று இரண்டு பகுதிகள். பெரிய, சின்ன இரண்டும் ஒரே வகைச் சொற்கள், மிகக் கூடாது. ‘பெரிய காஞ்சிபுரம்’ என்று எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். ‘சின்ன’ வந்ததும் நாக்கு ‘சின்னக் காஞ்சிபுரம்’ என்று அழுத்துகிறது. எழுத்திலும் இரண்டு வழக்கமும் இருக்கின்றன.

ஒரு சொல் சேர்க்கைக்காக நின்ற அரங்கேற்றம்

சொற்கள் சேரும் விதத்தைப் பற்றி இந்த ஊரில் ஒரு பெரிய பஞ்சாயத்தே நடந்ததாகச் சொல்வார்கள். குமரக்கோட்டத்தில் அர்ச்சகராக இருந்த கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை எழுதி அங்கேயே அரங்கேற்ற உட்கார்ந்தார். முதல் சொல் சேர்க்கையிலேயே ஒரு புலவர் எழுந்துவிட்டாராம். ‘திகழ்’, ‘தசக்கரம்’ என்ற இரண்டு சொற்களைக் கச்சியப்பர் ‘திகடசக்கரம்’ என்று சேர்த்திருந்தார். திகழும் பத்துக் கைகள் என்று பொருள்.

புலவரின் கேள்வி நியாயமானதுதான். ‘திகழ் தசக்கரம்’ என்பது ஊறுகாய், சுடுசோறு போல மூன்று காலத்தையும் மறைத்து நிற்கும் வினைத்தொகை. அங்கே ஒற்று மிகாது, எழுத்தும் மாறாது. ‘ள்’ளும் ‘த’வும் சேர்ந்தால் ‘ட’ ஆவதுண்டு. நாள், தோறும் இரண்டும் சேர்ந்து ‘நாடோறும்’ ஆகிறதே, அப்படி. ஆனால் ‘ழ்’ அப்படித் திரிய இலக்கணத்தில் இடம் எங்கே? தொல்காப்பியத்தில் காட்ட முடியவில்லை. முதல் அடியை எடுத்துக் கொடுத்ததே முருகன்தான் என்று கச்சியப்பர் சொல்லியும் புலவர் விடவில்லை. அரங்கேற்றம் நின்றது.

மறுநாள் சோழ நாட்டிலிருந்து ஒரு புலவர் வீரசோழியம் என்ற இலக்கண நூலோடு வந்து, ‘இதோ விதி’ என்று எடுத்துக் காட்டினாராம். வந்தவரும் முருகனே என்பது பக்தர்களின் நம்பிக்கை. வீரசோழியம் என்ற நூல் நிஜம். வீரராசேந்திர சோழன் காலத்தில், 11-ம் நூற்றாண்டில், புத்தமித்திரர் என்ற பௌத்தர் எழுதியது. சைவப் புராணத்தின் முதல் அடியைப் பௌத்தரின் இலக்கணம் வந்து காப்பாற்றியது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். இலக்கணம் ஒரே புத்தகத்தோடு முடிந்துபோன விஷயம் இல்லை என்று அன்றைக்கே தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

இனி ஊர்ப் பெயர். காஞ்சி என்பது ‘இ’யில் முடிகிறது, அடுத்து ‘பு’ வருகிறது. காஞ்சிப் பட்டு, ‘காஞ்சித் தலைவன்’ (1963-ல் வந்த எம்.ஜி.ஆர் படம்) என்றெல்லாம் மிகும்போது, ஊர் மட்டும் ஏன் ‘காஞ்சிப்புரம்’ ஆகவில்லை? இந்தச் சேர்க்கை வடமொழி வழியில் அமைந்த பெயர். வடமொழித் தொடராகவே வந்து தமிழில் தங்கிவிட்ட பெயர்களுக்குள் இப்படி ஒற்று நுழைவதில்லை. ‘காஞ்சீபுரம்’ என்று நெடில் போட்டு எழுதும் வழக்கமும் அந்த வழியில் வந்ததுதான்.

அந்தப் பெயர் ‘ம்’மில் முடிவதால் பட்டோடு சேரும்போது இன்னொரு சிக்கல். மரமும் பெட்டியும் சேர்ந்து மரப்பெட்டி ஆவது போல, ‘காஞ்சிபுரப் பட்டு’ என்று ஆக வேண்டும். ‘காஞ்சிபுரத்துப் பட்டு’ என்றாலும் அழகுதான். ஆனால் சேலம் மாம்பழத்தைப் போலவே, ஊர்ப் பெயரை உடைக்காமல் முழுசாக வைத்துச் சொல்லும் பழக்கம் வேரூன்றிவிட்டது. எனவே பலகையில் ‘காஞ்சிபுரம் பட்டு’ என்று இருந்தால் சிவப்பு மையை எடுக்காதீர்கள். ‘காஞ்சி பட்டு’ என்று இருந்தால் எடுக்கலாம்.